ஆல்பத்துக்கு ஆகாத படங்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் பேசும், அதற்கப்புறம்தான் மூளை வேலை செய்யும். கல்யாணமான புதிதிலேயே என் கணவர் சபரீஷ் இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, அன்னூர் ஸ்வீட் ஃபேக்டரியில் எங்கள் ரோபோ இன்னொரு மைசூர்பாவை நசுக்கியபோது, அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"உங்க ரோபோவுக்குக் கை சரியில்லீங்க," என்றேன்.

"கை சரியாத்தான் இருக்குது. நீ எங்க போகச் சொல்றியோ அங்கதான் போகுது," என்றார்.

எங்கள் கம்பெனியில் இரண்டே பேர்தான். ரோபோவின் கை அவர் பொறுப்பு, கண் என் பொறுப்பு. பெல்ட்டின் மேலே தொங்கும் கேமரா வழியாக மைசூர்பா எங்கே கிடக்கிறது என்று என் புரோகிராம் பார்த்துச் சொல்லும். அவருடைய ரோபோ அங்கே போய், நான்கு ரப்பர் விரலால் அதைப் பதமாகப் பிடித்துத் தூக்கிப் பெட்டியில் வைக்கும். பெல்ட்டின் நடுவில் கிடப்பதையெல்லாம் அது அப்படித்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் கிடப்பதை எடுக்கப் போனால் மட்டும் ஒரு விரல் மைசூர்பாவின் தலையிலேயே இறங்கிவிடும். சுண்டுவிரல் அகலம்தான் தவறுகிறது. ஆனால் நெய் ஊறிய மைசூர்பாவுக்கு அதுவே போதும், பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

உதிர்ந்ததையெல்லாம் பேக்கிங் பெண்கள் ஒரு கிண்ணத்தில் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் தோல்வியால் அந்த ஃபேக்டரியில் யாருக்கும் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

ஃபேக்டரி முதலாளி கந்தப்பன் வந்து எட்டிப் பார்த்தார். தோட்டம் துரவோடு இருந்தவர், பிள்ளைகள் படித்து வெளியூர் போனதும் ஸ்வீட்டில் இறங்கியவர். கோபப்படவே தெரியாத மனிதர். அதுதான் எனக்குப் பயம். கோபப்படுகிறவரிடம் பதிலுக்குச் சண்டையாவது போடலாம்.

"ஏனுங்கம்மணி, நடுவால இருக்கறதைப் பூவாட்டம் எடுக்குதுங்க. ஓரத்துல இருக்கறது மேல மட்டும் என்னுங்க இந்த ஓரவஞ்சனை?"

"பாத்துக்கிட்டே இருக்கறமுங்க. சரி பண்ணிருவமுங்க."

"பண்ணுங்க, பண்ணுங்க. பொழுதோட வாரேன். ஓடுச்சுன்னா இருக்கட்டும். இல்லீன்னா சங்கடப்படாம கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. தீவாளி ஆர்டரு தலைக்கு மேல நிக்குது, நான் ஆளு வெச்சாவது பொட்டி கட்டியாகோணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரோபோ திரும்பி வந்தால் எங்கள் கம்பெனிக்கு வேறு ஆர்டர் கிடையாது. பெங்களூரில் நான் முன்பு இருந்த நிறுவனம் திரும்பக் கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். சபரீஷால் வர முடியாது. அவருடைய அப்பா அம்மா இங்கே இருக்கிறார்கள், இருவருக்கும் ஆள் துணை வேண்டும். நான் போனால் சனி ஞாயிறு மட்டும் பார்த்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டியாக ஆகிவிடுவோம். முந்தின வாரம் இதைப் பேசியபோது அவர், "போறதுன்னா போ நித்யா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லித் தொலைக்கலாம் அல்லவா?

சரி, ரோபோவுக்கு வருகிறேன்.

கண்ணில் தப்பு இருக்கவே முடியாது என்று நான் சாதித்ததற்குக் காரணம் இருந்தது. முந்தாநாள்தான் கேமராவை முறையாக அளந்து சரி செய்திருந்தேன். இந்த ஃபேக்டரியில் பெல்ட்டுக்கு மேலே ஒரு இரும்பு உத்தரம் தாழ்வாகப் போகிறது. கேமராவை அதற்கு மேலே ஏற்ற வழியில்லை. கிட்டத்தில் இருந்துகொண்டே பெல்ட் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் போட வேண்டும். அகல லென்ஸ் சும்மா இருக்காது. நடுவில் உள்ளதை உள்ளபடி காட்டும், ஓரத்துக்குப் போகப் போக நேர்கோட்டை வெளிப்புறமாக வளைத்துக் காட்டும். அந்தப் படத்தை அப்படியே நம்பி அளந்தால் ஓரத்தில் இருக்கும் பொருள் இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறொன்று.

இதைச் சரிசெய்யும் வழி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கட்டங்கள் அச்சடித்த ஒரு தாளை, வளையாத தட்டையான அலுமினியப் பலகையில் சுருக்கம் இல்லாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். கட்டம் எல்லாம் ஒரே அளவு, கோடெல்லாம் நேர் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பலகையைக் கேமராவுக்கு முன்னால் பல இடங்களில், பல சாய்வுகளில் காட்டிப் படம் எடுத்துப் புரோகிராமிடம் கொடுத்தால், நேராக இருக்க வேண்டிய கோடு எவ்வளவு வளைந்து தெரிகிறது என்பதை வைத்து அது லென்ஸின் குணத்தைக் கணக்குப் போட்டுவிடும். பிறகு வருகிற ஒவ்வொரு படத்தையும் அந்தக் கணக்கைக் கொண்டு நிமிர்த்திக்கொள்ளலாம். அளந்த பின் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை யாரும் திருகிவிடக் கூடாது, திருகினால் மறுபடி முதலிலிருந்து. நான் அதற்கும் ஸ்க்ரூ போட்டு இறுக்கி வைத்திருந்தேன்.

கணக்குப் போட்ட பின் புரோகிராம் கடைசியில் ஒரு எண்ணைக் காட்டும். நம் கணக்குப்படி கட்டத்தின் மூலைகள் எங்கே இருக்க வேண்டும், படத்தில் உண்மையில் எங்கே இருக்கின்றன, இரண்டுக்கும் சராசரியாக எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் அந்த எண். எனக்கு வந்தது பூஜ்யம் புள்ளி ஒன்று நாலு பிக்ஸல். படத்தின் ஒரு புள்ளியில் ஏழில் ஒரு பங்கு! என் சர்வீஸில் அவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்ததில்லை. அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தேன். என் மாமியார் அதற்கு ஹார்ட் போட்டிருந்தார்.

அதனால் நசுங்கிய ஒவ்வொரு மைசூர்பாவுக்கும் நான் ஒரு குற்றவாளியைத் தேடினேன். ரோபோவின் மோட்டார், ரப்பர் விரல், பெல்ட்டின் வேகம். பெல்ட்டை நிறுத்தி வைத்துப் பார்த்தோம், அப்போதும் ஓரத்தில் நசுக்கியது. சபரீஷ் என் புரோகிராமைக் கேட்காமல், கையால் இயக்கி ஓரத்து மைசூர்பாவுக்கு ரோபோவைக் கொண்டுபோனார். ஒரு பொடி உதிராமல் எடுத்து வைத்தது.

"இப்ப சொல்லு," என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி எனக்காகவே செய்துவைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "என்ற நம்பரைப் பாத்தீங்கல்ல? பூஜ்யம் புள்ளி ஒண்ணு நாலு!" என்று கத்திவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெய் டின்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து, நிமிர்த்திய படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முறைத்தேன். நடுவில் பெல்ட், இரண்டு பக்கமும் பெல்ட்டின் ஸ்டீல் விளிம்பு, மேலிருந்து கீழே நீளமாக ஓடுகிறது. என் கோபத்தில் படத்தை முறைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அந்த ஸ்டீல் விளிம்பு, மெஷினில் இழைத்து வந்த சாமான், அம்பு மாதிரி நேராக இருக்க வேண்டியது, என் படத்தில் வயிறு தள்ளி நின்றது. நடுவில் கொஞ்சமாக வளைந்தது, மூலைப் பக்கம் போகப் போக வளைவு கூடியது.

பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து லேப்டாப் திரைமேல் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலுக்கும் விளிம்புக்கும் நடுவில் பச்சைப் பெல்ட் தெரிந்தது. வளைவை எடுத்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் ஸ்டேட்டஸ் வைத்த படத்தில் வளைவு அப்படியே இருக்கிறது! எண் மட்டும் பூஜ்யம் புள்ளி ஒன்று நாலு.

கணக்கு தப்பாது. அப்படியானால் கணக்குக்குக் கொடுத்த சரக்கில்தான் ஏதோ கோளாறு. முந்தாநாள் எடுத்த படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன்.

இங்கே என் தம்பி மதன்குமாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண போட்டோ என்றால் இந்தச் சுற்று வட்டாரத்தில் அவன்தான். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் சும்மா இருந்தான். முந்தாநாள் எனக்கு எலக்ட்ரீஷியனோடு ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதனால் படம் எடுக்கிற வேலையை அவனிடம் விட்டேன். பேக்கிங்கில் இருக்கும் கயல்விழி பலகையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். எப்படிச் சாய்க்க வேண்டும், மூலை மூலையாக எப்படிக் கொண்டுபோக வேண்டும், எப்படி உயர்த்தித் தாழ்த்த வேண்டும் என்று அவளுக்கு நானே செய்து காட்டிவிட்டுத்தான் போனேன். லேப்டாப்பில் பட்டனை அமுக்குவது மட்டும்தான் மதனின் வேலை. மங்கலாக வந்த படத்தை மட்டும் அழித்துவிடு என்று சொல்லியிருந்தேன்.

ஃபோல்டரில் இருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் பலகை நட்ட நடுவில், கேமராவுக்கு நேருக்கு நேர், நான்கு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த பிள்ளை போல நிமிர்ந்து இருந்தது. சாய்ந்த படம் ஒன்று இல்லை. ஓரத்தில் ஒன்று இல்லை. எல்லாம் பளிச்சென்று, சட்டம் போட்டு மாட்டலாம் போல.

போனை எடுத்தேன்.

"டேய் மதனு! சாய்ச்சுப் புடிச்ச படமெல்லாம் எங்கடா?"

"எந்தப் படமுங்க்கா?"

"கயலு மூலைக்கு மூலை போர்டைக் கொண்டுபோய்ப் புடிச்சாளே, அதுடா!"

"அதுங்களா? எல்லாம் கோணக் கோணையா இருந்துச்சுங்க்கா. ஒண்ணு ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்குது, ஒண்ணு மல்லாந்துக்கிட்டு இருக்குது. அதெல்லாம் என்னத்துக்குன்னு கழிச்சுப்போட்டேன். நல்லதா செலக்சன் பண்ணி வெச்சிருக்கறனில்லீங்க? பாக்கலீங்களா?" என்றான். பாராட்டை எதிர்பார்க்கிற குரல்.

கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்குகிற மாதிரி பொறுக்கியிருக்கிறான்! ஆயிரம் எடுத்து, கண் மூடியது, தலை சாய்ந்தது, ஓரத்தில் பாதி ஆள் வந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டு அழகானதை மட்டும் கொடுப்பது அவன் தொழில் சுத்தம். யாரும் கேட்காமலே அதைச் செய்வான், அதனால்தான் அவனுக்கு அத்தனை பேர் தேடி வருகிறார்கள். எனக்கு வேண்டியதோ அவன் கழித்துப்போட்டதுதான்.

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. கிண்ணத்தில் மைசூர்பா தின்றுகொண்டிருந்த பெண்கள் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கடைசியில், "இப்பவே கிளம்பி வாடா," என்று முடித்தேன். "இதா வந்துட்டேனுங்க்கா," என்றான்.

போனை வைத்ததும் சபரீஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எண்ணு அவ்வளவு நல்லா வந்துச்சே, அது எப்படி?" என்று கேட்டார்.

"அதுதாங்க எனக்கும் உறைக்கலை. லென்ஸு நடுவுல வளைக்கறதே இல்லை. நடுவுல மட்டும் படம் குடுத்தா, பாத்த எடத்துலெல்லாம் கணக்கு ஒத்துப்போச்சுன்னு சின்ன எண்ணைக் காட்டுது. ஓரத்துல எடுத்த படம் ஒண்ணுகூட இல்லாததால அங்க என்ன வளைவுன்னு அதுக்குத் தெரியாது, குருட்டாம்போக்குல ஒண்ணைப் போட்டு வெச்சிருக்குது. சாய்ச்ச படமும் இல்லை. நேரா மட்டும் பாத்தா, போர்டு தள்ளி இருக்கறதால சின்னதாத் தெரியுதா, லென்ஸு அப்படிச் சின்னதாக் காட்டுதான்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கவே வழியில்லை."

"சொல்லிக் குடுத்த பாடத்துல மட்டும் பரீட்சை வெச்சு நூத்துக்கு நூறு போட்ட மாதிரி."

"அதேதானுங்க. அந்த மார்க்கைத்தான் நான் ஊருக்கெல்லாம் காட்டினேன்."

அவர் சிரிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டு பெங்களூர் போவதா என்று நினைத்துக்கொண்டேன்.

மதன் வந்து சேர்ந்தபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கயல்விழி பலகையோடு தயாராக நின்றாள். அவளுக்கும் அவன்மேல் வருத்தம்தான். "கை கடுக்கக் கடுக்கச் சாய்ச்சுப் புடிச்சேனுங்க, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாருங்களா?" என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"இதா பாரு மதனு," என்றேன். "இன்னைக்கு உனக்கு ஆகாததெல்லாம் எனக்கு ஆகும். போர்டு முழுசாத் தெரியோணும், ஒரு கட்டமும் வெட்டுப்படக் கூடாது, ஆட்டம் இருக்கக் கூடாது. மத்தபடி எவ்வளவு கோணையா எடுக்க முடியுமோ அவ்வளவு கோணையா எடு. நடுவுல நேரா ஒண்ணு ரெண்டு போதும்."

"அக்கா, கோணையா எடுக்கோணும்னு ஒருத்தரும் என்கிட்டச் சொன்னதே இல்லீங்க."

"நான் சொல்றேன்ல? எடு."

தொழில்காரன் தொழில்காரன்தான். எது அழகு என்று தெரிந்தவனுக்கு எது அழகில்லை என்பதும் தெரியும். ஆரம்பத்தில் பட்டனை அமுக்கும்போதெல்லாம் பல்லில் கல் கடித்தது போல முகத்தைச் சுளித்தான். பிறகு அவனுக்கே குஷி பிறந்துவிட்டது. "கயலு, அந்தக் கடைசி மூலைக்குப் போங்க! இன்னும் ஓரத்துக்கு, இன்னும்! இப்பத் தலையை மேல தூக்கி மல்லாத்துங்க! ஆகா, கேவலமா இருக்குது! அப்படியே அசையாம இருங்க!" என்று கத்தினான். அவள் சிரிக்கச் சிரிக்கப் பலகை ஆட, படம் மங்கலாகி, அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம். நான்கு மூலை, நான்கு ஓரம், பெல்ட்டோடு தாழ்த்தி ஒரு சுற்று, கேமராவுக்குக் கிட்டத்தில் ஒரு சுற்று. கடைசியில், கணக்கில் சேர்க்காமல் பரீட்சைக்காக மட்டும் கொஞ்சம் படங்கள் எடுத்துத் தனியாக வைத்தேன்.

படங்களைப் புரோகிராமிடம் கொடுத்தேன். ஓடியது. எண் வந்தது.

பூஜ்யம் புள்ளி மூன்று ஒன்று.

நான்கு பேரும் திரையைப் பார்த்தோம். கந்தப்பனும் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏனுங்கம்மணி, முன்னால ஒண்ணு நாலு இருந்துச்சுன்னீங்க. இப்ப மூணு ஒண்ணுங்கறீங்க. தப்பு கூடிப்போச்சுங்களா?"

"கூடிப்போச்சுங்க," என்றேன்.

"அப்ப இது முன்னதை விட மோசமுங்களா?"

இல்லை என்று வாய் சொல்ல வந்தது. ஆனால் இந்தத் தடவை வாயை அடக்கினேன். காலையிலிருந்து வாயால் சாதித்தது போதும். எனக்கே சந்தேகம் இருந்தது. பெரிய எண்ணை நம்பி இறங்கி அதுவும் தப்பாகப் போனால்? சாயங்காலம் ரோபோவைக் கழற்றி வண்டியில் ஏற்றுவதும், திங்கட்கிழமை பெங்களூருக்குச் சரி என்று சொல்வதும் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

தனியாக எடுத்து வைத்த பரீட்சைப் படங்களைத் திறந்தேன். இவற்றைப் பழைய கணக்கும் பார்த்ததில்லை, புதுக் கணக்கும் பார்த்ததில்லை. ஓரத்துப் படங்களைப் பழைய கணக்கிடம் கொடுத்தேன். பூஜ்யம் புள்ளி ஒன்று நாலு என்று பீற்றிக்கொண்டிருந்த அது, ஆறு பிக்ஸலுக்கு மேல் தவறியது. அதே படங்களைப் புதிதிடம் கொடுத்தேன். பூஜ்யம் புள்ளி மூன்று மூன்று. பார்த்த படத்துக்கும் பாராத படத்துக்கும் ஏறக்குறைய ஒரே பதில்.

"மோசமில்லீங்க," என்று கந்தப்பனிடம் சொன்னேன். "முன்னது சுலபமான கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிச்சுங்க. இது கஷ்டமான கேள்விக்கும் சேத்துப் பதில் சொல்லுது. அதனால மார்க்கு கொஞ்சம் கொறைஞ்சு தெரியுது, அவ்வளவுதானுங்க."

பிறகு படத்தை நிமிர்த்தி, பெல்ட்டின் ஸ்டீல் விளிம்பின்மேல் ஸ்கேலை வைத்தேன். மேலிருந்து கீழ் வரை ஒட்டி நின்றது, நடுவில் ஒரு நூல் இடம் இல்லை. சபரீஷ் குனிந்து பார்த்துவிட்டு, "நேரா இருக்குது," என்றார். அவர் குரலில் அத்தனை நிம்மதி. அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

கண் சரியானால் மட்டும் போதாது. கண் சொல்லும் இடத்தையும் கை போகும் இடத்தையும் மறுபடி பொருத்த வேண்டும். மைசூர்பாவின் உயரத்துக்கு ஒரு பலகையைப் பெல்ட்டின்மேல் வைத்து, அதில் நடுவிலும் ஓரத்திலுமாகப் புள்ளிகள் குறித்தோம். ரோபோவின் கையில் ஒரு கூரான முனையை மாட்டி, சபரீஷ் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல, அதே புள்ளி நிமிர்த்திய படத்தில் எங்கே தெரிகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். காலையில் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதினோம். சாப்பாட்டு நேரம் தாண்டிப்போனது இருவருக்கும் தெரியவில்லை. கயல்விழி கொண்டுவந்து வைத்த தயிர்சாதத்தைப் பின்னால்தான் பார்த்தோம்.

சொன்னபடி சாயங்காலம் பொழுதோடு கந்தப்பன் மறுபடி வந்தார். பேக்கிங் பெண்களும் கூடிவிட்டார்கள். தின்ன வேறு எதுவும் மிச்சமில்லாததால் வேடிக்கை பார்க்க வந்தார்களோ என்னவோ.

"நாங்களே அடுக்கி வெச்சுக் காட்டறமுங்க," என்றேன்.

"வேண்டாமுங்க, நான் வெக்கறேன்," என்றார் கந்தப்பன். தட்டை வாங்கி மைசூர்பாவைப் பெல்ட்டில் போட ஆரம்பித்தார். கோபமே படாத மனிதர் என்றேனே, கருணையும் கிடையாது என்று அப்போது தெரிந்தது. நடுவில் ஒன்றுகூடப் போடவில்லை! எல்லாம் ஓரம். ஒன்று இடப்பக்க விளிம்பை உரசிக்கொண்டு, ஒன்று வலப்பக்க விளிம்பில் குறுக்காக, ஒன்று கேமராவின் கண்ணுக்கே கடைசி மூலையில். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சபரீஷ் ரோபோவை ஓடவிட்டார். அது முதலில் இடப்பக்கம் போனது. நான்கு விரலும் மைசூர்பாவுக்கு நான்கு பக்கமும் இறங்கின. பிடித்தது, தூக்கியது, பெட்டியில் வைத்தது. ஒரு பொடி விழவில்லை. வலப்பக்கம் போனது. குறுக்காகக் கிடந்ததற்கு ஏற்ப மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டு இறங்கி எடுத்தது. பெண்களில் யாரோ கைதட்ட, இன்னொருத்தி அதட்டி நிறுத்தினாள். கடைசி மூலைக்குக் கை நீண்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேமராவைப் பற்றி இவ்வளவு பேசுகிற எனக்கு, அந்த நேரத்தில் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எடுத்துருச்சுங்க்கா!" என்று மதன் கத்தினான்.

கண்ணைத் திறந்தேன். பெட்டியில் மைசூர்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கந்தப்பன் இன்னொரு தட்டு எடுத்தார். அதையும் ஓரம் ஓரமாகப் போட்டார். அதுவும் பெட்டிக்குப் போனது. மூன்றாவது தட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பெங்களூருக்குப் போறீங்கன்னு உங்க தம்பி சொன்னாருங்க, நெசமுங்களா?"

நான் மதனை முறைத்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

"இன்னும் முடிவு பண்ணலீங்க," என்றேன்.

"பண்ணாதீங்க. லட்டு லைன் ஒண்ணு அந்தப் பக்கம் கெடக்குது. அதுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். வேற யாரையும் நான் உள்ள உட மாட்டேன். தீவாளி முடிஞ்சதும் ஆரம்பிச்சுருங்க." அவ்வளவுதான். ஆர்டரைச் சொல்லிவிட்டு, ஏதோ டீ சொல்லிவிட்டுப் போகிறவர் போலப் போய்விட்டார்.

பெண்கள் இப்போது யாரும் அதட்டாமல் கைதட்டினார்கள். மதன் கயல்விழியை ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தான். கந்தப்பன் சொன்னது என் மண்டைக்குள் முழுதாக இறங்கச் சிறிது நேரம் ஆனது. இறங்கியதும் சபரீஷைத் தேடினேன். கன்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால், ஒயரைச் சுற்றுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிய ஒயரையே அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தடவை பேசினார்.

"நீ போயிருவியோன்னு ஒரு வாரமா எனக்குச் சோறே எறங்கலை நித்யா. போகாதேன்னு எந்த வாயால சொல்றதுன்னு தெரியலை. சொன்னா உன்ற வேலையைக் கெடுத்த மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாரமாக நான் எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏங்கிய ஒரு வார்த்தையை, இந்த மனிதர் வாய்க்குள்ளேயே போட்டு வைத்திருந்திருக்கிறார்! நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, ஃபேக்டரி முழுக்க ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்குங்க? இப்பவே வரலைன்னு சொல்லிப்போடறேன்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்தேன்.